கடைசி அறையில் ஃபுல் சிக்னல், பாதி வேகம்

வேளச்சேரியில் எங்க ஃபிளாட்டுக்கு 300 எம்பிபிஎஸ் இணைப்பு. கடைசி அறையில் மெஷ் பெட்டி பக்கத்திலேயே இருக்கு, போனில் சிக்னல் ஃபுல். வேகம் மட்டும் 150தான். அந்த சிக்னல் காட்டுவது போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள தொடர்பை. பெட்டி ஹால் ரவுட்டரோடு பேசுவதோ இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டி.

ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு 240, பெட்டியிலிருந்து போனுக்கு 400 கிடைக்குதுன்னு வைங்க. இரண்டுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஒரே சேனல். 240 மெகாபிட்டை வாங்க ஒரு நொடி, அதையே திருப்பி அனுப்ப 0.6 நொடி. 240-ஐ 1.6-ஆல் வகுத்தால் 150. தனி ரேடியோ உள்ள மெஷ்ஷிலும் சுவர் விடுகிற 240தான் உச்சம்.

கேட்5இ கேபிள் இழுத்தால் முதல் தாவல் காற்றிலேயே இல்லை. 300 முழுசா வரும். அப்பவும் 95-ஐத் தாண்டலேன்னா கிரிம்பிங்கைப் பாருங்க, பெரும்பாலும் எட்டுக் கம்பியில் ஏதோ ஒண்ணு சேர்ந்திருக்காது.