மலைப்பாதையில் இரண்டு சின்னங்கள்



எங்க ஊர் திருவாமாத்தூர். அபிராமேஸ்வரர் கோயில், பம்பை ஆறு, சுற்றிலும் கரும்பு, நெல் வயல். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. எங்களைப் போன்றவர்களுக்கு "ஏற்றம்" என்றால் விழுப்புரம் ரயில்வே மேம்பாலம்தான். அந்த மேம்பாலத்தில் நின்று கிளம்பத் தெரிந்தவன் எந்த மலையிலும் வண்டி ஓட்டலாம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஏற்காடு போய் வரும் வரை!

சித்தப்பா புதிதாகக் கார் வாங்கியிருந்தார். குடும்பத்தோடு ஏற்காடு போகலாம் என்றார். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் வரை அவர் ஓட்டினார். அடிவாரத்தில், "நீதான் டிப்ளமோ படிக்கிறவனாச்சே, ஓட்டு பார்க்கலாம்" என்று சாவியைக் கொடுத்தார். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பட்டன். கார் ஒன்று சரிவில் இறங்குவது போலப் படம். மீட்டரிலும் அதே படம் வரும் என்று விற்பனைக் கூடத்தில் சொன்னார்களாம். "மலைக்கு இது போதும்டா" என்றார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன்.

அந்தப் படம் சொன்னதை நான் தப்பாகப் படித்தேன். நீங்களும் அப்படிப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஏறும்போது: இரண்டு வினாடி உதவி

இன்றைய பல கார்களில் மேட்டில் கிளம்ப உதவும் ஒரு வசதி இருக்கிறது. ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் என்பார்கள், சில கம்பெனிகள் ஹில் ஹோல்டு என்கின்றன. இதன் சின்னம், மேட்டில் மூக்கை மேலே தூக்கி நிற்கும் கார். ஆனால் பல வண்டிகளில் இந்த வசதி வேலை செய்யும்போது எந்தச் சின்னமும் எரிவதில்லை. பழுதானால் மட்டுமே விளக்கு வரும். பெரும்பாலும் வண்டி வழுக்கிப் போவது போலப் படம் போட்ட ஈ.எஸ்.பி. விளக்கும் சேர்ந்தே எரியும். இரண்டுக்கும் ஒரே ஹைட்ராலிக் யூனிட் என்பதுதான் காரணம்.

வேலை செய்யும் விதம் எளிது. வண்டி சாய்வில் நிற்கிறது என்று உள்ளே இருக்கும் ஒரு சென்சார் சொல்கிறது. நாம் பிரேக்கை அழுத்தி நிற்கிறோம். காலை எடுத்ததும், பிரேக் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடாதபடி சோலினாய்டு வால்வு ஒன்று மூடிப் பிடித்துக்கொள்கிறது. அதாவது நாம் மிதித்த மிதியையே அது சற்று நேரம் கடன் வைத்துக்கொள்கிறது. அந்தச் சற்று நேரம் சுமார் 2 வினாடி. அதற்குள் கால் ஆக்சிலரேட்டருக்குப் போக வேண்டும், கிளட்ச் பிடிக்க வேண்டும். இன்ஜின் இழுவை போதும் என்று தெரிந்தால் வால்வு திறந்துவிடும். போதவில்லை என்றாலும் நேரம் முடிந்ததும் திறந்துவிடும். இதுதான் முக்கியம்.

நான் மாட்டியது இங்கேதான். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன ஜீப் நின்றது. நானும் நின்றேன், பின்னால் ஒரு பஸ். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி அசையவில்லை. "ஆஹா!" என்று நிதானமாக ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு... வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பஸ் டிரைவர் அடித்த ஹாரன் இன்னும் காதில் கேட்கிறது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் ஆஃப். ஒரு முழம் இடைவெளியில் தப்பினோம்.

அதன் பிறகு செய்தது நம் பழைய முறைதான். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மி, மூக்கு லேசாக எழும்பும், அப்போது ஹேண்ட்பிரேக்கை விட்டேன். இந்த முறை கைவந்தவனுக்கு அந்த 2 வினாடி ஒரு வசதி. கைவராதவனுக்கு அது ஒரு பொறி. காத்து நிற்க வேண்டுமானால் கால் பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக்கிலோதான் நிற்க வேண்டும். ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் கிளம்புவதற்கு, நிற்பதற்கு அல்ல.

இறங்கும்போது: எரிவது வேறு, மின்னுவது வேறு

மாலை இறக்கம். இப்போது அந்தப் பட்டனை அழுத்தினேன். மீட்டரில் சரிவில் இறங்கும் காரின் படம் பச்சையாக எரிந்தது. இதுதான் ஹில் டிசென்ட் கன்ட்ரோல், சுருக்கமாக எச்.டி.சி. "வண்டி தானாகவே பிரேக் பிடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நாலாவது கியரில் இறங்கினேன். வேகம் 45. வளைவுக்கு வளைவு காலால் பிரேக். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நானும் தைரியமாகவே இருந்தேன்.

ஏழெட்டு வளைவு தாண்டியதும் கருகும் வாடை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. சித்தப்பா, "டேய், ஓரங்கட்டுடா" என்றார். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். முன் சக்கரத்திலிருந்து அனல் அடித்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் வந்து பார்த்தார்.

"எந்த கியர்ல வந்தீங்க தம்பி?"

"நாலு அண்ணே. ஆனா எச்.டி.சி. போட்டிருக்கேன், விளக்கு எரியுது பாருங்க."

"விளக்கு எரியட்டும் தம்பி, டிஸ்க்கும் சேர்ந்து எரியுதே! எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்ல எறங்குங்க."

வீட்டுக்கு வந்து வண்டியோடு தந்த கையேட்டைப் புரட்டினேன். (மலைக்குப் போகும் முன் புரட்டியிருக்க வேண்டும்.) விளக்கு நிலையாக எரிந்தால், "தயாராக இருக்கிறேன்" என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால்தான், "வேலை செய்கிறேன்" என்று பொருள். நான் போன 45 கி.மீ. வேகத்தில் அது வேலையே செய்யவில்லை, சும்மா காத்திருந்தது. பல கார்களில் சுமார் 35, 40 கி.மீ. வேகத்துக்குக் கீழேதான் எச்.டி.சி. பிரேக் பிடிக்கும். அதைத் தாண்டினால் காத்திருக்கும். இன்னும் வேகம் கூடினால் தானே அணைந்துவிடும். எல்லை வண்டிக்கு வண்டி மாறும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்தால் பழுது என்று அர்த்தம்.

மின்னினால் என்ன நடக்கிறது?

எச்.டி.சி. வேலை செய்யும்போது ஏ.பி.எஸ். யூனிட்டில் உள்ள சிறு மோட்டார் பம்ப், நாம் பெடலைத் தொடாமலேயே பிரேக் எண்ணெயில் அழுத்தம் ஏற்றுகிறது. சக்கர சென்சார்கள் சொல்லும் வேகத்தைப் பார்த்து, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று விட்டுவிட்டு அழுத்துகிறது. கட கட என்று சத்தம் வரும், பெடல் அதிரும். பயப்பட வேண்டாம். கல்லும் மண்ணுமான செங்குத்துச் சரிவில் ஆமை வேகத்தில் இறங்குவதற்கு இது அருமையான வசதி. காலால் மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரேயடியாகப் போய் வண்டி சறுக்கலாம். இது ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துப் பிடிக்கும்.

ஆனால் பிடிப்பது அதே டிஸ்க், அதே பேடு. நம் காலுக்குப் பதில் பம்ப் மிதிக்கிறது, அவ்வளவுதான். சூடு குறையவே குறையாது. எவ்வளவு சூடு என்று நம் மெக்கானிக்ஸ் பாடக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

ஆட்களோடு சேர்த்துக் காரின் எடை 1500 கிலோ. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1515 மீட்டர். அடிவாரம் வரை இறக்கம் சுமார் 1100 மீட்டர் என்று வைப்போம். எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 1 கோடியே 61 லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை ஒருமுறை நிறுத்த சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் ஜூல் போதும். ஆக, மலை இறங்குவது 60-லிருந்து 77 தடவை தொடர்ந்து பிரேக் அடித்து நிறுத்துவதற்குச் சமம். வேறு விதமாகச் சொன்னால், 55 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு! டயர் உராய்வும் காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போவது? ஒன்று பிரேக்கில், இல்லை இன்ஜினில்.

இன்ஜினில் போக வேண்டுமானால் தாழ்ந்த கியர் வேண்டும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் இறங்கும் வண்டியே இன்ஜினைச் சுழற்றுகிறது. அந்த உழைப்பில் வேகம் கட்டுப்படுகிறது. ரெண்டாவது கியரில் சத்தம் கூடும், ஆனால் எரிபொருள் வீணாகாது. இன்றைய இன்ஜின்கள் அந்த நேரத்தில் எரிபொருள் ஊற்றுவதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் இறக்கி மிச்சம் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பெடல் சொல்லும் செய்தி

பிரேக் சூடாவதை இரண்டு விதமாகக் காலே சொல்லும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேடு அளவுக்கு மீறிச் சுட்டு உராய்வை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் நிலைமை அதைவிட மோசம், பிரேக் எண்ணெயே கொதிக்கத் தொடங்கியிருக்கிறது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் கடந்து போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கத்தான் செய்யும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த அளவு 155 டிகிரிதான். எண்ணெய் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்பது மலையில்தான் தெரியும். எச்.டி.சி.யின் பம்பாலும் ஆவியை அழுத்திப் பயனில்லை. அதனால்தான் யூனிட் மிகவும் சூடானால் சில வண்டிகளில் எச்.டி.சி. தானே விலகிக்கொள்கிறது.

நீலகிரியில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் வெளியூர் வண்டிகள் கவிழ்ந்த சம்பவங்கள் அங்கே பல. 2018-ல் சென்னையிலிருந்து போன கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போன பிறகு, வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கத் தடை விதித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. பாதை ஒன்றுதான், இறங்கும் பழக்கம்தான் வேறு.

மீதி இறக்கம்

டீக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். தண்ணீர் ஊற்றலாமா என்று சித்தப்பா கேட்டார். லாரி டிரைவர், "வேணாம் சார், டிஸ்க் கோணிக்கும்" என்று தடுத்தார். பெடல் பழையபடி மேலே வந்ததும் கிளம்பினோம். இம்முறை ரெண்டாவது கியர். வேகம் 25, 30. வளைவுக்கு முன்பு மட்டும் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உடனே முழுசாக விட்டேன். லேசாகக் கால் வைத்துக்கொண்டே வரவில்லை. எச்.டி.சி. பச்சையாக எரிந்தபடி இருந்தது. இப்போது வேகம் அதன் எல்லைக்குள்தான் இருந்தது, ஆனாலும் அடிவாரம் வரை அபூர்வமாகத்தான் மின்னியது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டதால் அதற்கு வேலை இல்லை.

அப்போதுதான் அந்தச் சின்னத்தைச் சரியாகப் படித்தேன். தார்ச் சாலை மலைப்பாதையில் அது ஓயாமல் மின்னுகிறது என்றால், "பிரேக் சுடுகிறது, கியரைக் குறை" என்று பொருள். சும்மா எரிந்துகொண்டிருந்தால் வேகமானியைப் பாருங்கள். முள் 30-க்குக் கீழே இருந்தால் கியர் சரி. 45-ல் இருந்தால் நான் செய்த அதே தப்பை நீங்களும் செய்கிறீர்கள்!

இறங்கியதும் சித்தப்பா சாவியை வாங்கிக்கொண்டார். விழுப்புரம் வரை அவரேதான் ஓட்டினார்.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்