ஒரே சாவி, இரண்டு கம்ப்யூட்டர்

எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு முறை புது பிளாக் எழுதும் வாய்ப்பு யாரோ ஒருவருக்கு வருகிறது. 2022 செப்டம்பர் வரை இதற்காகக் கணக்குப் போடும் இயந்திரங்கள் போட்டியிட்டன. இப்போது நடப்பது குலுக்கல். குறைந்தது 32 ஈத்தரைப் பிணையாகக் கட்டி வாலிடேட்டர் ஆனவர்கள்தான் அதில் இடம்பெறுகிறார்கள். பிணை கூடினால் வாய்ப்பும் கூடும்.

குலுக்கலை யாரும் தனியாக நடத்துவதில்லை. பிளாக் எழுதுபவர் ஒவ்வொருவரும் தன் ரகசியச் சாவியால் போடும் கையெழுத்திலிருந்து ஓர் எண் பிறக்கிறது. அந்த எண்கள் எல்லாம் கலந்து உருவாகும் எண்தான் அடுத்த ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. தனக்குச் சாதகமான எண்ணாகப் பார்த்துப் போட முடியாது. ஒரு சுற்றுக்கு ஒரு சாவியிலிருந்து ஒரே கையெழுத்துதான் வரும். பிளாக்கை எழுதாமலே விட்டுக் கலவையைக் கொஞ்சம் அசைக்கலாம், ஆனால் அதற்கான வருமானம் போய்விடும்.

பிளாக் எழுதும் முறை வராதவர்களும் 6.4 நிமிடச் சுற்றுக்கு ஒரு தடவை, எந்தப் பிளாக் சரி என்று கையெழுத்திட்டு வாக்களிக்க வேண்டும். ஆபத்து இந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

கரன்ட் போய்விடுமோ என்று பயந்து ஒருவர் அதே சாவியை இன்னொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்ப்யூட்டர் திரும்ப உயிர்பெற்றதும் இரண்டும் ஒரே சுற்றில் வெவ்வேறு வாக்குப் போடுகின்றன. முரண்பட்ட இரண்டு கையெழுத்துகளும் சேர்ந்தால் அதுவே சாட்சி; யார் கண்டாலும் பிளாக்கில் சேர்த்துவிடலாம். இதுதான் ஸ்லாஷிங். அவர் செய்தது மோசடியா, கவனக்குறைவா என்று வலைப்பின்னல் விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டர் சும்மா அணைந்தே கிடந்திருந்தால், அந்த நேரத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய அளவுக்குத்தான் ஏறக்குறைய இழந்திருப்பார்.

32 ஈத்தருக்கு உடனடி அபராதம் முன்பு 1 ஈத்தராக இருந்தது. 2025 மே மாத மாற்றத்துக்குப் பிறகு அது சுமார் 0.008தான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வாலிடேட்டர் வெளியேற்றப்படுகிறார், பணம் ஏறத்தாழ 36 நாள் முடங்குகிறது. வாக்களிக்காதவருக்கான சில்லறை அபராதமும் ஓடிக்கொண்டிருக்கும். பதினெட்டாம் நாள் வாக்கில் இன்னொரு அபராதம் வரும். அந்தக் காலத்தில் மொத்தப் பிணையில் எத்தனை சதவீதம் சிக்கியதோ, அதன் மூன்று மடங்கு. இவர் ஒருவர் மட்டும் என்றால் அது ஒன்றுமில்லை. 1 சதவீதம் சிக்கியிருந்தால் 3 சதவீதம், அதாவது 0.96 ஈத்தர். மூன்றில் ஒரு பங்கு சிக்கினால் முழுப் பிணையும் போகும். கூட்டாக நடப்பதைச் சதியாக எண்ணி வகுத்த விதி இது. ஆகவே ஏராளமான வாலிடேட்டர்களை ஒரே அமைப்பில் ஓட்டும் நிறுவனத்திடம் ஸ்டேக் செய்பவர், இழப்பு வந்தால் அது யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சொந்தமாக ஓட்டுபவர் கம்ப்யூட்டரை மாற்றும்போது, பழையதிலிருந்து சாவியை அழித்து, இதுவரை போட்ட கையெழுத்துகளின் பதிவைப் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு இரண்டு மூன்று சுற்று காத்திருந்து, அந்தச் சாவியில் வேறெங்கும் வாக்கு விழவில்லை என்று உறுதியான பின்பே தொடங்க வேண்டும். காத்திருப்பதில் போவது மிகச் சிறிய தொகைதான்.