ஐந்துக்கு 4.3

கொலம்பியாவில் நீரியல் படிக்கும் ஒரு மாணவி, ஸ்பெயினில் முதுகலை படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் பேராசிரியரிடம் ஸ்பானிய மொழியில் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். இரண்டு நாட்டிலும் பேசுவது ஒரே மொழிதான். ஆனாலும் கடிதம் தடுக்கிவிழ இடம் உண்டு.

கடிதத்தின் தொடக்கம் எளிது. பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் முதலில் ஊரும் தேதியும், பிறகு 'ஆ கியென் கொர்ரெஸ்பொந்தா', அதாவது 'சம்பந்தப்பட்டவருக்கு'. அதன்பின் காற்புள்ளி வராது, முக்காற்புள்ளி வரும். தேர்வுக்குழுவின் பெயர் தெரிந்தால் அதையே எழுதுவது நல்லது. பொதுவான விளிப்பைப் பார்த்ததும், இதே கடிதம் பத்து இடங்களுக்குப் போயிருக்கும் என்று தோன்றிவிடும்.

அடுத்து மதிப்பெண். 'சராசரி 4.3' என்று பேராசிரியர் எழுதுகிறார். கொலம்பியாவில் ஐந்துதான் முழு மதிப்பெண், மூன்று எடுத்தால் தேர்ச்சி. அங்கே 4.3 பெருமைக்குரியது. ஸ்பெயினிலோ பத்துக்குப் போடுகிறார்கள், ஐந்து எடுத்தால்தான் தேர்ச்சி. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் மாணவி தோற்றவராகத் தெரிவார்! ஆகவே 'ஐந்துக்கு 4.3' என்று எழுத வேண்டும். அதோடு நிறுத்தாமல், 'நாற்பது பேர் வகுப்பில் மூன்றாவது' என்று சேர்த்தால் எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும். எண்ணைவிட இந்த ஒரு வரிக்கே எடை அதிகம் என்பேன்.

புகழ்ச்சியில் வேறொரு சிக்கல். தமிழில் 'பொறுப்புள்ள மாணவன்', 'பொறுப்புள்ள மாணவி' இரண்டிலும் அடைமொழி மாறுவதில்லை. ஸ்பானிய மொழியில் பல அடைமொழிகள் மாறும். அர்ப்பணிப்புள்ள மாணவன் 'தெதிகாதோ', மாணவி 'தெதிகாதா'. 'அவனைப் பரிந்துரைக்கிறேன்' என்பது 'லோ ரெகொமியெந்தோ', 'அவளை' என்றால் 'லா'. போன வருடம் ஒரு மாணவனுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், எங்கோ ஒரு 'தெதிகாதோ' தங்கிப்போய்க் காட்டிக்கொடுக்கும். அதன்பின் 'பொறுப்பானவர், புத்திசாலி' என்ற சொற்களை யார் நம்புவார்கள்? மழைக்காலத்தில் ஆற்றின் நீர்மட்டத்தை அவர் நாள்தவறாமல் அளந்து, பழுதான கருவி ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்தார் என்று பேராசிரியர் எழுதினால், அது வேறு யாருக்கும் பொருந்தாத வரி.

கடைசியில், மேலும் விவரம் வேண்டுமானால் தரக் காத்திருப்பதாக எழுதி முடிப்பது வழக்கம். எழுதுபவர் ஆணானால் 'கேதோ ஆதெந்தோ', பெண்ணானால் 'ஆதெந்தா'. நேரமில்லாத பேராசிரியர்கள் சிலர் மாணவரையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் இடுவதுண்டு. கடிதத்தை மாணவியே எழுதி, தன் பேச்சுப் பழக்கத்தில் 'ஆதெந்தா' என்று முடித்திருக்க, கீழே பேராசிரியர் ஓர் ஆணின் பெயரில் கையெழுத்திட்டிருந்தால், குழுவினர் அந்த ஒரு எழுத்திலேயே நின்றுவிடுவார்கள்.