தறிக்குழியில் பாம்பா? அடிக்கும் முன் 101-ஐ அழையுங்கள்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல் மூட்டையும் கைத்தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் உண்டு. நெல்லுக்கு எலி வரும்; கஞ்சி ஏற்றிய பாவு நூலையும் கடித்து வைக்கும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நெசவாளர் கால்களை இறக்கி மிதியை இயக்கும் தறிக்குழி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால் அங்கேயே சுருண்டு படுத்துவிடும். அப்படி வருவதில் சாரையும் உண்டு, நாகமும் உண்டு.

சாரைக்கு விஷம் இல்லை. எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. அப்படியும் ஒரு காலத்தில் தோலுக்காகவே பெருமளவில் கொல்லப்பட்டது. பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-ல் தடை செய்யப்பட்டது. தோலுக்குப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் வேலையிழந்தனர். அவர்களுக்காக 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அங்கே வனத்துறை அனுமதியுடன் பாம்பு பிடித்து, விஷம் எடுத்தபின் காட்டில் விடுகிறார்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022 திருத்தத்துக்குப் பின் சாரை, நாகம், கண்ணாடி விரியன் மூன்றும் முதல் அட்டவணையில் உள்ளன. உடும்பும் அப்படியே. கொல்வது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பது, பொறி வைப்பது, முட்டையைச் சிதைப்பது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, ரூ.25,000 அபராதம். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் செய்ததற்கு மட்டும் விலக்கு உண்டு. குழியில் அசையாமல் படுத்திருக்கும் பாம்பை ஆள் சேர்த்து அடித்துவிட்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது.

பாம்பைக் கண்டால் குழந்தைகளையும் நாய், பூனையையும் வெளியேற்றுங்கள். ஒருவர் மட்டும் வாசலருகே, குறைந்தது 2 மீட்டர் தள்ளி நின்று கண்காணிக்கட்டும். மறைந்துவிட்டால் தேடி எடுப்பது கடினம். அடுத்த அறைக்குப் போகும் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் கோணிப்பையைத் திணியுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாதீர்கள். மிரண்ட பாம்பு மூட்டைகளுக்குள் புகுந்துவிடும்.

பிறகு தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள், 112-ம் ஆகும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை முன்பே குறித்து வைப்பது நல்லது. தெருப்பெயர், பாம்பின் நீளம், படம் எடுத்ததா, தறிக்குழியிலா மூட்டைக்கு அடியிலா என்பதைச் சொல்லுங்கள். படம் எடுக்கவில்லை என்பதால் மட்டும் சாரை என்று முடிவு கட்ட வேண்டாம். நாகமும் எப்போதும் படம் எடுப்பதில்லை. ஊரில் பாம்பு பிடிப்பவர் இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லிவிட்டே கூப்பிடுங்கள். அனுமதியின்றிப் பிடித்தால் அவரும் குற்றவாளியாவார். கடித்துவிட்டால் வேறெதற்கும் காத்திராமல் 108.

இன்னொன்று: சாரையும் நாகமும் பிணைகின்றன என்று சொல்வார்கள் அல்லவா? பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. அப்படிப் பார்த்தால் தொந்தரவு செய்யாதீர்கள். சண்டை முடிந்ததும் தாமே பிரிந்து போய்விடும்.