பீட்டாத் துகள்களுக்கான கவசம்

பீட்டாத் துகள்களுக்கான கவசம் என்பது, கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிவரும் பீட்டாத் துகள்களை முழுவதும் நிறுத்துவதற்கு வைக்கப்படும் தடுப்பாகும். காமாக் கதிர்களுக்கு ஈயம் சிறந்த கவசம். ஆனால் பீட்டாத் துகள்களுக்கு அக்ரிலிக் போன்ற அணு எண் குறைந்த பொருளே முதலில் வைக்கப்படுகிறது.

பீட்டாத் துகள் என்பது விரைந்து செல்லும் எலக்ட்ரான். அது ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது கருவின் மின்புலத்தால் வளைந்து வேகம் குறைகிறது. அப்போது இழக்கும் ஆற்றல் எக்சு கதிராக வெளிப்படுகிறது. இதுவே தடைக் கதிர்வீச்சு. கருவின் மின்னூட்டம் கூடினால் இக்கதிர்வீச்சும் கூடும்.

வீச்சைக் கணித்தல்

உயிரியல் ஆய்வகங்களில் பயன்படும் பாஸ்பரசு-32 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் பீட்டாத் துகள்களின் பெரும ஆற்றல் 1.71 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (மி.எ.வோ.). பெரும வீச்சைக் கீழ்க்காணும் வாய்பாட்டால் மதிப்பிடலாம்:

R = 412 × E^(1.265 − 0.0954 ln E)

இதில் E பெரும ஆற்றல், மி.எ.வோ. அலகில். R என்பது வீச்சு. ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை மி.கி. என்ற அலகில் கிடைக்கும். வாய்பாடு ஏறத்தாழ 0.01 முதல் 2.5 மி.எ.வோ. வரை பொருந்தும்.

E = 1.71 எனில் அடுக்கு 1.214 ஆகிறது, R ஏறத்தாழ 790. அதாவது சதுர செ.மீ.க்கு 0.79 கிராம். இதைப் பொருளின் அடர்த்தியால் வகுத்தால் தேவையான தடிமன் கிடைக்கும். அக்ரிலிக்கின் அடர்த்தி 1.18, எனவே 0.67 செ.மீ. போதும். நடைமுறையில் 1 செ.மீ. தகடு வைக்கப்படுகிறது. ஈயத்தில் 0.7 மி.மீ. போதும்.

ஈயம் ஏன் முதலில் கூடாது?

பீட்டா ஆற்றலில் தடைக் கதிர்வீச்சாக மாறும் பங்கு தோராயமாக:

f = 3.5 × 10⁻⁴ × Z × E

ஈயத்திற்கு Z = 82; எனவே பங்கு ஏறத்தாழ 4.9 விழுக்காடு. அக்ரிலிக்கிற்கு Z சுமார் 6 எனக் கொண்டால் 0.36 விழுக்காடு மட்டுமே. ஈயத்தில் இது பதின்மூன்று மடங்குக்கும் மேல். அந்த மெல்லிய ஈயத் தகடு பீட்டாத் துகள்களை நிறுத்திவிடும். ஆனால் தன்னுள் தோன்றும் ஆற்றல் மிக்க எக்சு கதிர்களை நிறுத்தாது.

கவசத்தின் வரிசை

அக்ரிலிக்கிலும் தடைக் கதிர்வீச்சு முற்றிலும் இல்லாமல் போவதில்லை. 1 செ.மீ. தகட்டின் பின்னாலும் கைகர் எண்ணி பின்புல அளவைவிடக் கூடுதலாகக் காட்டி, தடிமனைக் கூட்டியும் அது பெரிதும் குறையவில்லை எனில், வருவது பீட்டாத் துகளன்று, எக்சு கதிர். செயற்பாடு மிகுந்த மூலங்களில் இது நிகழும். அப்போது அக்ரிலிக்கிற்கு வெளியே ஈயம் சேர்க்கப்படும். வரிசை மாறி ஈயம் உட்புறம் அமைந்தால், கவசமே எக்சு கதிர் மூலமாகிவிடும்.