சாய்ந்த மரமும் சமன்செய்த மரமும்

(கல்லூரி நிரலாக்க மன்றத்தில் ஆற்றிய சிற்றுரை)

நம் மன்றத்தினர் எழுதிய ஒரு நிரலைப் பற்றி இன்று பேசுவோம். தேர்வு எண்ணைக் கொடுத்தால் மாணவரின் பெயரைக் காட்டுவது அதன் வேலை. 200 எண்களை முன்பின்னாகக் கொடுத்துச் சோதித்தபோது விடை உடனே வந்தது. பிறகு 20,000 எண்கள் கொண்ட முழுப் பட்டியலை ஏற்றினார்கள். நிரல் நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டது. விதிப்படி பார்த்தால் நிரலில் தவறே இல்லை. பட்டியல் ஏறுவரிசையில் இருந்ததுதான் வினை! ஒழுங்காக இருந்த பட்டியல் ஏன் கேடு செய்தது?

அந்த நிரல் எண்களை இருமத் தேடல் மரமாக அடுக்கியது. இம்மரம் தலைகீழானது, வேர் மேலே இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் உண்டு. அதைவிடச் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். புதிய எண் வந்தால் வேரிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே இறங்கி, காலி இடத்தில் அமரும். 20,000 எண்களை நெருக்கமாக அடுக்கினால் 15 மட்டங்கள் போதும். எந்த எண்ணையும் 15 ஒப்பீடுகளுக்குள் கண்டுவிடலாம்.

ஆனால் 1, 2, 3 என வரிசையாக வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. ஆகவே வலப்பக்கமே செல்லும். மரம் கிளைக்காமல் சங்கிலியாகத் தொங்கும். கடைசி எண் அமர 19,999 ஒப்பீடுகள் தேவை. பட்டியல் முழுவதையும் ஏற்ற ஏறத்தாழ 20 கோடி! இந்நோயை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வரிசையான எண்களை இரு மடங்காக்கிப் பாருங்கள். ஏற்றும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கானால், மரம் சங்கிலியாகிவிட்டது என்று ஐயுறலாம்.

இதற்கு 1962-இல் மருந்து கண்டவர்கள் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற சோவியத் கணித அறிஞர்கள். அவர்கள் பெயரால் இது ஏ.வி.எல். மரம் எனப்படுகிறது. விதி ஒன்றே: எந்தக் கணுவிலும் இட, வலப் பக்கங்களின் உயரங்கள் ஒரு மட்டத்துக்கு மேல் வேறுபடலாகாது. மீறினால் அக்கணுவைச் சுழற்ற வேண்டும்.

1 முதல் 7 வரை வரிசையாக இட்டுப் பார்ப்போம். 3 வந்ததும் 1-இன் வலப்பக்க உயரம் 2, இடப்பக்கம் 0. விதி மீறப்பட்டது. 2-ஐ மேலே தூக்கி, 1-ஐ அதன் இடப்பக்கம் இறக்குகிறோம். 4 வரும்போது தொல்லை இல்லை. 5 வந்ததும் அதேபோல் 4 மேலேறி, 3-உம் 5-உம் அதன் இருபுறமும் அமர்கின்றன. 6 வரும்போது வேராகிய 2-இலேயே மீறல். இப்போது 4 வேராகி, 2 அதன் இடப்பக்கம் இறங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே 3 இருக்கிறதே! அது 2-க்கும் 4-க்கும் இடைப்பட்ட எண். ஆகவே 2-இன் வலப்பக்கம் மாறினாலும் வரிசை கெடாது. சுழற்சியின் சூட்சுமமே இதுதான். 7 வந்ததும் 6 மேலேறுகிறது. முடிவில் வேர் 4. அதன் கீழ் 2, 6. கடைசி மட்டத்தில் 1, 3, 5, 7. ஏழு மட்டச் சங்கிலி மூன்று மட்ட மரமாயிற்று!

இந்தச் சுழற்சிக்குப் பைத்தான் மொழியில் நான்கு கட்டளைகளே போதும்:

```python
def rotate_left(a):
    b = a.right
    a.right = b.left
    b.left = a
    return b
```

உயரங்களைக் குறித்து வைப்பவர்கள் சுழற்றியபின் `a`-இன் உயரத்தை முதலிலும் `b`-இன் உயரத்தை அடுத்தும் திருத்த வேண்டும். `a` இப்போது `b`-க்குக் கீழே இருக்கிறதல்லவா? திரும்பி வரும் `b`-ஐ மேலுள்ள கணுவோடு இணைக்க மறந்தால் மரத்தில் ஒரு பகுதி காணாமற் போகும். மரத்தை முழுதும் சுற்றி எண்களை எண்ணிப் பார்த்தால் இப்பிழை அகப்படும். 1, 3, 2 என வளைந்து வந்தால் ஒரு சுழற்சி போதாது. முதலில் 3-ஐ வலப்புறமும், பின் 1-ஐ இடப்புறமும் சுழற்ற வேண்டும்.

நம் 20,000 எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஏ.வி.எல். மரம் 20 மட்டங்களைத் தாண்டாது. 20 கோடி ஒப்பீடுகள் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும். சுழற்றும் செலவு மிகச் சிறிதே.

ஒரே ஓர் எண்ணைத் தேடுவது மட்டும்தான் வேலை என்றால் ஹாஷ் அட்டவணையே போதும். 1200 முதல் 1300 வரை உள்ளவற்றை வரிசையாகக் கேட்டால்தான் மரத்தின் அருமை தெரியும். ஜாவாவின் `TreeMap` இவ்வேலைக்கு உரியது. அது சிவப்பு-கருப்பு மரம் என்ற மற்றொரு சமன்செய்த மரத்தால் ஆனது. அதில் வரிசையான பட்டியலையும் அச்சமின்றி ஏற்றலாம். நீங்களே மரம் எழுதினால், முன்பின்னான 200 எண்களோடு சோதனையை நிறுத்திவிடாதீர்கள். வரிசையான 20,000 எண்களையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.