ஒரே படத்தில் ஐந்து பொருள்: ஹார்டுவேர் கடைக்கு வரும் கேள்வி

வாஷ்பேசினுக்கு அடியில் எடுத்த ஒரு படம் ஹார்டுவேர் கடையின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. கூடவே ஒரே வரி: "அண்ணே, இது என்ன விலை?" படத்திலோ பேசின், ஆங்கிள் வால்வு, கம்பி பின்னிய கனெக்‌ஷன் டியூப், வேஸ்ட் கப்ளிங், வெள்ளை வேஸ்ட் பைப் என ஐந்து பொருள்கள் இருக்கின்றன. பெரிதாகத் தெரிவது பேசின்தான். ஆனால் அடியில் குனிந்து படம் எடுத்தவருக்குப் பேசின் வேண்டியிருக்காது. எந்த இடம் தெளிவாக விழுந்திருக்கிறது, எங்கே ஈரமோ துருவோ தெரிகிறது, ஓரத்தில் விரல் எதையாவது காட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தில் வேஸ்ட் பைப்பின் வளைவில் ஒரு சொட்டு தொங்குகிறது. உடனே "வேஸ்ட் பைப்பா?" என்று கேட்பது அவசரம். மேலே எங்கு கசிந்தாலும் நீர் பைப்பின் மேலேயே வழிந்து, கடைசியில் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

இங்கே பயன்படும் கேள்வி ஒன்றே: "குழாயை மூடியிருக்கும்போதும் சொட்டுதா, தண்ணி விட்டா மட்டும் சொட்டுதா?" மூடியிருந்தும் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் ஆங்கிள் வால்வு அல்லது கனெக்‌ஷன் டியூப் பக்கம் கோளாறு என்று கொள்ளலாம். தண்ணீர் விட்டால் மட்டும் என்றால் பெரும்பாலும் கப்ளிங் அல்லது வேஸ்ட் பைப். ஐந்து பொருள் இரண்டாகக் குறைந்துவிடும். "டியூபா, பைப்பா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் பல நேரம் "ஆமா" என்றுதான் பதில் வரும். வாங்குபவருக்கு அந்தப் பெயர்கள் பழக்கமில்லை. எதைப் பார்த்தார் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

"மூடியிருந்தாலும் சொட்டுது" என்று பதில் வந்தால், ஆங்கிள் வால்வை முழுதாக மூடிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, பத்து நிமிடம் பார்க்கச் சொல்லலாம். சொட்டு நின்றால் கோளாறு வால்வுக்கு அப்பால் இருக்கிறது, ஆகவே டியூபை முதலில் சொல்ல வேண்டும். நிற்காவிட்டால் வால்வு. பதிலில் முதலாவதாக வரும் பெயரைத்தான் வாங்குபவர் பிடித்துக்கொள்வார் என்பதால், விலை கூடிய பொருளையோ கடையில் தேங்கிக் கிடப்பதையோ அங்கே வைக்கக் கூடாது. பெயரோடு இடத்தையும் சொல்வது நல்லது: "சுவர்ல இருக்கிற வால்வுலேர்ந்து மேல குழாய்க்குப் போற கம்பி டியூப்." இரண்டாவதாக, டியூபின் முனையிலுள்ள ரப்பர் வாஷர். சில சமயம் அதை மாற்றினாலே போதும், டியூபே தேவைப்படாது.

அளவைப் படம் சொல்லாது. டியூபின் முனை பெரும்பாலும் அரை அங்குலம்தான், ஆனால் நீளம் 18 அங்குலமாகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். குட்டையாக வாங்கினால் எட்டாது. அதனால் டியூபுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு விலையைச் சொல்லலாம்.